பூட்டிக் கிடக்கற வீடும் சொன்ன நேரத்துக்கு வர்ற ஆளும்

"ஐயா, எனக்கு வயசு 43, ஊரு பள்ளத்தூர். காரைக்குடியில ஒரு ஜவுளிக்கடையில ரொம்ப வருஷமா பில் போட்டுக்கிட்டு இருந்தேன், கடையை மூடிட்டாங்க. பையன் ஹாஸ்டல்ல, வீட்டுக்காரர் லாரி ஓட்டறதால பாதி நாள் வீட்டுல இல்ல. நேரம் நெறைய இருக்கு. பலகாரம் போடு, தையல் கத்துக்கன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா எனக்கு கைமுறுக்கும் சுத்த வராது, ஊசியும் பிடிக்க வராது. சொன்ன நேரத்துக்குப் போவேன், அடுத்தவங்க காசுல ஒத்த ரூபா தொட மாட்டேன், அவ்ளோதான் எங்கிட்ட இருக்கு. ஒரு ஸ்கூட்டி இருக்கு. மழை பெஞ்சா பக்கத்து வீட்டு ஆச்சியோட மகன் சென்னையில இருந்து போன் பண்ணி, எங்க வளவு முற்றத்துல தண்ணி நிக்குதான்னு கொஞ்சம் பாருங்கம்பார், ஓடிப்போய் பார்த்துச் சொல்வேன். இந்த மாதிரி ஓடியாடி செய்யத்தான் தெரியும். இதை வச்சு என்ன தொழில் பண்றது?"

தங்கச்சி, உங்க தொழில் உங்க கடுதாசியோட கடைசிப் பகுதியிலயே இருக்கு. அந்த சென்னைக்காரர் ஏன் உங்களுக்கு போன் பண்றாருன்னு மட்டும் கொஞ்சம் யோசிங்க. அவருக்கு சொந்தக்காரங்க ஊர்ல இல்லாம இருக்க மாட்டாங்க. ஆனா சொந்தக்காரங்க பார்க்கறேன் பார்க்கறேன்னு சொல்லிட்டு ரெண்டு நாள் கழிச்சு எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு வீட்டுக்குள்ளயே போகாம சொல்லிடுவாங்க, நீங்க நெஜமாவே போய்ப் பார்த்துட்டு சொல்றீங்க, அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியும்.

நான் பேங்க்ல இருந்தப்பவும் இப்ப ரிட்டயர் ஆகி சின்னத் தொழில் பண்றவங்களுக்கு யோசனை சொல்றப்பவும் பார்த்தது இது. நம்பிக்கைக்கு எல்லா எடத்துலயும் காசு கெடைக்காது. முதலாளி கண்ணு முன்னாடி நின்னு வேலை செய்யற எடத்துல நீங்க எவ்ளோ நேர்மையா இருந்தாலும் அதுக்குன்னு தனியா சம்பளம் வராது, ஏன்னா அவரே பார்த்துக்குவார். யாரால நேர்ல வந்து பார்க்க முடியாதோ, பார்க்காம விட்டா யாருக்கு பெரிய நஷ்டம் வருமோ, அவங்க மட்டும்தான் நம்பிக்கையை காசு குடுத்து வாங்குவாங்க. அந்த மாதிரி ஆளுங்க நம்ம செட்டிநாட்டுப் பக்கம் இருக்கற அளவுக்கு வேற எங்கயும் இருப்பாங்களான்னு எனக்குத் தெரியல. பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர், கண்டனூர், ராயவரம், எந்தத் தெருவுல நடந்தாலும் பூட்டுன வீடுதான், வீட்டுக்காரங்க சென்னையில, பெங்களூர்ல, சிங்கப்பூர்ல, மலேசியாவுல, அமெரிக்காவுல. பொங்கலுக்கோ முன்னோருக்குக் கும்பிடற படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வருஷத்துல நாலு நாள் தொறக்கற வீடு, மிச்ச 361 நாளும் யாரு பார்க்கறது?

அந்தக் காலத்துல இதே ஊர்க்காரங்க பர்மாவுலயும் மலேயாவுலயும் கடை வச்சப்ப முதலாளி இங்கயே இருப்பார், ஏஜெண்ட் மூணு வருஷக் கணக்குக்கு அங்க போவார், கணக்கு ஒழுங்கா எழுதி அனுப்பறதுதான் அவரோட பெரிய சாமர்த்தியம். தூரத்துல இருக்கற சொத்தை ஒருத்தர நம்பி விட்டு அதுக்கு காசு குடுக்கற பழக்கம் இந்த மண்ணுல புதுசு இல்ல. இப்ப முதலாளி அங்க, சொத்து இங்க, அவ்ளோதான் மாறியிருக்கு.

பலகாரம், கண்டாங்கி சேலை, ஆத்தங்குடி கல்லு விக்கறது இதெல்லாம் வேண்டாம்னு நான் சொல்லல, அதுக்கு கைப்பக்குவமோ முதலோ வேணும், ஏற்கனவே நெறைய பேரு இருக்காங்க. அதனால பூட்டின வீட்டைப் பார்த்துக்கற வேலையைப் பத்தி மட்டும் விவரமா எழுதறேன்.

மொதல்ல எந்த வீடுன்னு பாருங்க. பல பெரிய வீடுகள்ல ஏற்கனவே காவலுக்குன்னு ஒரு வயசானவரோ ஒரு குடும்பமோ இருப்பாங்க, அந்த வீட்டுப் பக்கம் போகாதீங்க, அவங்க பொழப்புல கை வச்ச மாதிரி ஆயிடும், ஊர்ல பேரும் கெட்டுப்போகும். பங்காளிங்களுக்குள்ள கேஸ் நடக்கற வீடு, விக்கறதுக்குப் பேசிக்கிட்டு இருக்கற வீடு ரெண்டும் வேண்டாம். ஆளே இல்லாம, நல்ல நெலமையில, வருஷத்துக்கு ஒரு தடவையாவது குடும்பம் வந்து தங்கற வீடுதான் உங்க வீடு. வந்து தங்கறவங்களுக்குத்தான் வந்த அன்னிக்கு கக்கூஸ்ல தண்ணி வரலேன்னா கோவம் வரும், அந்தக் கோவம் வராம இருக்கத்தான் உங்களுக்குக் காசு குடுப்பாங்க.

போய் என்ன பார்க்கறதுன்னு கேப்பீங்க. இதுல பெரிய படிப்பு இல்ல, ஆனா பார்க்கற விதம் இருக்கு. மாசத்துல ரெண்டு தடவை போங்க, ஒவ்வொரு தடவையும் அதே வரிசையில நடங்க, அதே எடத்துல நின்னு அதே கோணத்துல போட்டோ எடுங்க. முகப்பு, பட்டாலை, வளவோட நாலு மூலை, ரெண்டாங்கட்டு, அடுப்படி, மாடி, கொல்லைப்பக்கக் கதவு, கரண்ட் மீட்டர், இப்படி ஒரு 15 போட்டோ போதும். தேதியும் நேரமும் போட்டோவுலயே விழற மாதிரி கேமரா ஆப் இருக்கு, அதுல எடுங்க. ஒரே எடத்துல இருந்து எடுத்தாத்தான் போன தடவை இல்லாத கறை இந்தத் தடவை வந்திருக்கறது தெரியும், இல்லேன்னா சும்மா அழகா ஒரு படம் அனுப்பின மாதிரிதான் இருக்கும், அதுக்கு யாரும் ரெண்டாவது மாசம் காசு குடுக்க மாட்டாங்க.

இந்த வீடுகளை அழிக்கறது பெரும்பாலும் மூணு விஷயம், தண்ணி, கரையான், செடி. நாட்டு ஓடு பூனை ஓடியும் குரங்கு குதிச்சும் நகந்துடும். ரெண்டு கூரை சேர்ற எடத்துல தண்ணி ஓடற தகரத்துல சருகு அடைச்சுக்கிட்டா தண்ணி வெளிய போகாம உள்ள எறங்கும். நீங்க கூரை மேல ஏறவே கூடாது, கீழ நின்னு அண்ணாந்து பார்த்தா போதும், மரத்துல கருப்பா ஈரக்கறை, சுவத்துல பூச்சு உப்பி நிக்கறது, தரையில ஓட்டுத் துண்டு, இதுல ஒண்ணு இருந்தா மேல ஓடு நகந்திருக்கு. முற்றத்துத் தண்ணி வெளிய போற ஓட்டையில ஒரு பக்கெட் தண்ணி ஊத்திப் பாருங்க, சடசடன்னு போகணும், நின்னு நின்னு போனா மழைக்கு முன்னாடியே ஆள் வச்சு அடைப்பு எடுக்கணும். இந்த சோதனையை ஆவணி, புரட்டாசியிலயே முடிச்சிடணும், ஐப்பசி அடைமழையில வந்து ஓடு மாத்துங்கன்னா கொத்தனார் கெடைக்கவும் மாட்டார், ஈர ஓட்டுல ஏறவும் மாட்டார்.

கரையானுக்கு தூணோட அடியையும் நிலையோட காலையும் பாருங்க. பென்சில் கோடு மாதிரி மண் தடம் ஏறியிருக்கும். மொதல்லயே மருந்து அடிக்கச் சொல்லாதீங்க, அந்தத் தடத்துல ஒரு விரல் நீளத்துக்கு ஒடைச்சு விட்டுட்டு போட்டோ எடுத்துட்டு வாங்க, அடுத்த தடவை போறப்ப திரும்பக் கட்டியிருந்தா அது உயிரோட இருக்கற கரையான், உடனே சொல்லுங்க. கட்டலேன்னா பழைய தடமா இருக்கலாம், ஆனாலும் அதுங்க வேற வழியில போகும், அதனால மரத்தை விரலை மடக்கித் தட்டிப் பார்த்துட்டு, இன்னும் ரெண்டு தடவை அதே எடத்தையும் சுத்தி இருக்கற எடத்தையும் பாருங்க. பர்மாத் தேக்குல சீக்கிரம் ஏறாது, ஆனா அதோட சேத்துப் போட்டிருக்கற வேற மரத்துல, பழைய பெட்டியில, கட்டிவச்ச பேப்பர்ல ஏறிடும். செடின்னு சொன்னது அரசஞ்செடி, ஆலஞ்செடி. சுவத்து வெடிப்புல விரல் அளவு இருக்கறப்ப கையால பிடுங்கிடலாம், ஒரு வருஷம் விட்டா வேரு சுண்ணாம்புக்குள்ள போயி சுவத்தையே பிளக்கும், அப்ப செலவு வேற மாதிரி ஆயிடும்.

இதோட ரெண்டு சின்ன வேலை. எல்லா கக்கூஸ்லயும் பாத்ரூம் ஓட்டையிலயும் ஒரு மக்கு தண்ணி ஊத்துங்க, அதுல நிக்கற தண்ணி வத்திட்டா சாக்கடை நாத்தமும் கரப்பானும் வீட்டுக்குள்ள வந்துடும். மோட்டாரை அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க, ஓட்டாமலே கெடந்தா எறுகிப்போகும், விசேஷத்துக்கு வந்து சுவிட்சப் போட்டா ம்ம்ம்னு சத்தம் மட்டும் வரும்.

கரண்ட் பில் கட்டறதை ஒரு சேவைன்னு நெனைக்காதீங்க, அதை அவங்களே சிங்கப்பூர்ல உக்காந்து போன்ல கட்டிக்குவாங்க. உங்க வேலை மீட்டர்ல இருக்கற எண்ணை ஒவ்வொரு தடவையும் எழுதி வைக்கறது. ரெண்டு மாசத்துக்கு ஒரு அளவு யூனிட் வரைக்கும் வீட்டுக்கு இலவசம், அதனால பூட்டின வீட்டுக்கு பில்லே வராம இருக்கும், யாரும் கவனிக்கவும் மாட்டாங்க. ரெண்டு மாசத்துக்கு 20 யூனிட் ஓடின வீட்டுல திடீர்னு 15 நாள்ல 60 ஓடியிருந்தா ஏதோ இருக்கு, மோட்டாரை அமத்த மறந்திருக்கலாம், வயர்ல ஈரம் எறங்கி கசியலாம், இல்ல பக்கத்துல யாரோ வயர் போட்டு எடுக்கலாம். மூணுமே வீட்டுக்காரருக்கு உடனே தெரியணும், கசிவா இருந்தா அது உயிர் போற விஷயம், மெயினை அமத்திட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுத்தான் மறுபடி போடணும்.

இனி இந்தத் தொழில்ல இருக்கற பெரிய ஆபத்தைச் சொல்றேன், இதை நல்லா மனசுல வாங்கிக்குங்க. வீடு இடிஞ்சா கூட உங்களைக் கேக்க மாட்டாங்க. ஒரு பித்தளைக் குத்துவிளக்கு காணாமப் போனா உங்களைத்தான் கேப்பாங்க. நம்ம காரைக்குடியில பழைய சாமான் விக்கற தெருவே இருக்கு, அதனால ஒரு பழைய கதவுப்பூட்டு, பெல்ஜியம் கண்ணாடி, பீங்கான் ஜாடி எதுக்கும் வெலை உண்டு. பக்கத்து ஊர்ல ஒருத்தர் இப்படி வீடு பார்த்துக்கிட்டு இருந்தார், நல்ல மனுஷன், ஒரு பங்காளி ஊருக்கு வந்து தன்னோட பங்கு வெங்கலப் பானையை எடுத்துட்டுப் போயிட்டார், மத்த பங்காளிங்களுக்கு சொல்லல, படைப்புக்கு வந்தவங்க பானையைக் காணோம்னதும் மொதல் பார்வை சாவி வச்சிருந்தவர் மேலதான் விழுந்துச்சு. அப்புறம் உண்மை தெரிஞ்சுதான், ஆனா அதுக்குள்ள மூணு வீட்டுச் சாவியை அவர்கிட்ட இருந்து வாங்கிட்டாங்க.

அதனால சாவி வாங்கறதுக்கு முன்னாடியே சில ஏற்பாடு. நம்ம வீடுங்க ஒருத்தருக்குச் சொந்தம் இல்ல, நாலு பங்காளி ஆறு பங்காளி சேர்ந்தது. யாரு உங்களைக் கூப்பிட்டாரோ அவரையே ஒரு வாட்ஸ்அப் குரூப் போடச் சொல்லுங்க, எல்லாப் பங்காளியும் அதுல இருக்கணும், இன்னாரு இன்ன தேதியில இருந்து வீட்டைப் பார்த்துக்குவாங்க, பொது எடத்துக்கு மட்டும் சாவின்னு அவர் அதுல எழுதணும், மத்தவங்க சரின்னு போடணும். ஒருத்தர் சம்மதிக்கலேன்னாலும் அந்த வீட்டை எடுக்காதீங்க, அது எவ்ளோ பெரிய வீடா இருந்தாலும் சரி. வளவைச் சுத்தி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், இருக்கற அறைங்களோட சாவி உங்களுக்கு வேண்டவே வேண்டாம், குடுத்தாலும் வாங்காதீங்க, வெளிய இருந்து பூட்டு சரியா இருக்கான்னு பார்த்தா போதும். உள்ள ஒழுகுதோன்னு சந்தேகம் வந்தா அந்த அறைக்காரருக்கு வீடியோ கால் போட்டு, அவர் சொல்றவர் கையால தொறக்க வச்சுப் பாருங்க.

மொத நாளு வீட்டுக்காரர் தரப்புல ஒருத்தர் கூட இருக்கறப்ப, பொது எடத்துல இருக்கற ஒவ்வொரு சாமானையும் வீடியோ எடுங்க, சுவத்துல தொங்கற படம், ஊஞ்சல், பெஞ்சு, விளக்கு, அடுப்படி அண்டா எல்லாத்தையும், வாயால சொல்லிக்கிட்டே மெதுவா எடுத்து குரூப்லயே போட்டுடுங்க. சாமானை எடுத்துட்டுப் போக யாரு வந்தாலும், அது சொந்த பங்காளியே ஆனாலும், அண்ணே குரூப்ல ஒரு வரி போட்டுட்டு எடுத்துக்குங்கன்னு மரியாதையா சொல்லுங்க. சாவியில வீட்டுப் பேரோ தெருப் பேரோ எழுதாதீங்க, நம்பர் மட்டும், எந்த நம்பர் எந்த வீடுன்னு ஒரு நோட்டுல தனியா. உங்க வீட்டுக்காரருக்கோ உங்க பையனுக்கோ கூட ஒரு நாளைக்குன்னு சாவியைக் குடுக்கக் கூடாது.

ஷூட்டிங்குக்கு வீடு பார்க்கணும்னு வருவாங்க, பழைய சாமான் வாங்கறவங்க வருவாங்க, புரோக்கர் வருவார், சும்மா உள்ள பார்த்துட்டுப் போறேம்மா 500 ரூபா தர்றேன்பார். அந்த 500 ரூபாயை ஒரு தடவை வாங்கினா தொழில் அன்னியோட முடிஞ்சுது. அதே மாதிரி கொத்தனார்கிட்டயும் தச்சர்கிட்டயும் கமிஷன் வாங்காதீங்க. கமிஷன் வாங்கறவங்கன்னு தெரிஞ்சுட்டா நீங்க ஓடு ஒழுகுதுன்னு சொல்றப்பல்லாம் நெஜமா ஒழுகுதா, கமிஷனுக்காக ஒழுகுதான்னு அவங்களுக்கு சந்தேகம் வரும். ரிப்பேர் கூலியை வீட்டுக்காரரே நேரா கொத்தனாருக்கு அனுப்பட்டும், நீங்க கூட நின்னு பார்த்துக்கறதுக்கு ஒரு நாளைக்கு இவ்ளோன்னு வெளிப்படையா வாங்கிக்குங்க, 400 ரூபா வைக்கலாம்.

இப்ப காசுக் கணக்கு. நான் எழுதற தொகை ஒரு கணக்குக்குத்தான், ஊர்ல கேட்டு நீங்க கூட்டிக் கொறைச்சுக்குங்க. ஒரு நடுத்தர வீட்டுக்கு மாசம் 1,200 ரூபா, ரெண்டு தடவை போறது, பெருமழைக்கு அப்புறம் ஒரு தடவை கூடுதலா எட்டிப் பார்க்கறது எல்லாம் சேர்த்து. ஒரு தடவை போயிட்டு வர, பார்க்க, போட்டோவும் நாலு வரியும் அனுப்ப எல்லாம் சேர்த்து 2 மணி நேரம் ஆகும்னு வச்சுக்குங்க, அப்ப ஒரு வீட்டுக்கு மாசம் 4 மணி நேரம். நாலு அஞ்சு கிலோமீட்டருக்குள்ள இருக்கற வீடுங்களா எடுத்தா பெட்ரோல் பெருசா ஆகாது. ஆனா தனியா போகாதீங்க, இது நான் கட்டாயமா சொல்றது, பூட்டின வீட்டுல பாம்பு இருக்கும், வளவுல தேன்கூடு இருக்கும், கால் வழுக்கி விழுந்தா கேக்க ஆள் இருக்காது. நம்பிக்கையான ஒரு அக்காவைக் கூட்டிக்குங்க, ஒரு தடவைக்கு 100 ரூபா. பாம்போ பெரிய தேன்கூடோ இருந்தா நீங்க கை வைக்க வேண்டாம், கதவைச் சாத்திட்டு தீயணைப்புக்கு 101 அடிங்க, அவங்க வந்து பார்த்துக்குவாங்க. மூடின செருப்பு, டார்ச், தட்டிக்கிட்டே போக ஒரு கம்பு, முதலீடு இவ்ளோதான், இதுக்கு லோன் கேட்டு எந்த பேங்குக்கும் போக வேண்டாம்.

எத்தனை வீடு எடுக்கலாம்ங்கறதுல தான் எல்லாரும் தப்பு பண்ணுவாங்க. மாசத்துல 4 மணி நேரம்தானேன்னு 30 வீடு எடுத்துடலாம்னு தோணும். ஆனா உங்க அளவை முடிவு பண்றது மாசக் கணக்கு இல்ல, மழை நாள். கார்த்திகையில ஒரு ராத்திரி பேய்மழை அடிச்சா மறுநாள் காலையில எல்லா வீட்டுக்காரரும் ஒரே நேரத்துல டிவியில நியூஸ் பார்த்துட்டு உங்களுக்கு போன் அடிப்பாங்க. மழைச் சோதனை ஒரு வீட்டுக்கு 1 மணி நேரம்னா ஒரு நாளைக்கு 6 வீடுதான் முடியும். பெருமழைக்கு அப்புறம் 2 நாளைக்குள்ள பார்த்துச் சொல்வேன்னு வாக்கு குடுத்தா மொத்தம் 12 வீடு, அதுக்கு மேல ஒண்ணு எடுத்தாலும் அந்த வாக்கு பொய்யாயிடும். 12 வீடு, 14,400 ரூபா வரவு, கூட வர்ற அக்காவுக்கு 2,400, பெட்ரோல் போன் செலவு போக சுமாரா 11,000 கையில நிக்கும், இது மாசத்துல 50 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட கொறைய வர்ற வேலைக்கு. மழை மாசத்துல நேரம் கூடும், சித்திரை வைகாசியில வேலை லேசா இருக்கும்.

இதுக்கு மேல வர்ற காசு வீடு தொறக்கறப்ப வரும். கல்யாணம், படைப்பு, அறுபதாங்கல்யாண சாந்தி, குடும்பத்தோட பிள்ளையார் நோன்புக்கு வர்றவங்க, இவங்க வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆளுங்களை வச்சு வீட்டைக் கூட்டித் துடைச்சு, தொட்டி கழுவி, தண்ணி ஏத்தி, பால், கேஸ், விளக்கெண்ணெய் வரைக்கும் வாங்கி வைக்கறது தனி வேலை, தனிக் கூலி. வீட்டைப் பூட்டிட்டு போறப்ப மறுபடி சரிபார்க்கறதும் அதுல சேத்தி. ஆனா மொத வருஷம் இதைப் பெருசா எடுத்துப் போடாதீங்க, முகூர்த்த நாள்ல மூணு வீடு ஒரே நேரத்துல தொறந்தா கூலி ஆளு கெடைக்காம நீங்க மாட்டிக்குவீங்க.

எப்படித் தொடங்கறதுன்னா, நோட்டீஸ் அடிக்காதீங்க. அந்த ஆச்சி மகன்கிட்ட இருந்தே தொடங்குங்க. இத்தனை நாள் சும்மா செஞ்சதுக்கு இப்ப காசு கேக்கறதுக்கு உங்களுக்கு கூச்சமா இருக்கும், அது எனக்குத் தெரியும், அதுக்கு ஒரு வழி சொல்றேன். மழை பெஞ்சா எட்டிப் பார்க்கறதை பழையபடி சும்மாவே செய்யுங்க, அது அக்கம்பக்கத்துப் பழக்கம், அதுக்கு வெலை போட வேண்டாம். காசு கேக்கறது அவர் இதுவரைக்கும் வாங்காத ஒண்ணுக்கு, மாசம் ரெண்டு தடவை உள்ள போய் முழுசாப் பார்த்து எழுதித் தர்றதுக்கு. மொத தடவை அவர் அனுமதி வாங்கி அந்த முழு சோதனையைச் செஞ்சு 15 போட்டோவும் அனுப்பிடுங்க, கண்ணால பார்த்தாத்தான் அது என்னன்னு அவருக்குப் புரியும். அப்புறம் மூணு மாசத்துக்குன்னு கேளுங்க, ஆவணியில தொடங்கி ஐப்பசி முடிய, மாசம் பொறந்ததும் முன்பணம். மூணு மாசம்னு எல்லை இருந்தா அவங்களுக்கும் சரின்னு சொல்ல லேசா இருக்கும், உங்களுக்கும் பிடிக்கலேன்னா சாவியைக் குடுத்துட்டு வர லேசா இருக்கும். வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கும் பெரும்பாலும் இங்க ஒரு பேங்க் கணக்கு இருக்கும், அதுல இருந்து அனுப்பிடுவாங்க. உங்க பேர்ல தனியா ஒரு சேமிப்புக் கணக்கு தொறந்து இந்த வரவு செலவை அதுல மட்டும் வச்சுக்குங்க. அஞ்சாறு வீடு ஆனதும் udyamregistration.gov.in ல ஆதார், பான் வச்சு இலவசமா பதிவு பண்ணிக்கலாம், அதுக்கு காசு கேக்கற இடைத்தரகர் வெப்சைட்டுல போயிடாதீங்க. நீங்க பார்த்துக்கற வீடுங்க எதுன்னு ஊர் போலீஸ் ஸ்டேஷன்லயும் ஒரு தடவை போய்ச் சொல்லி எழுதிக் குடுத்துடுங்க.

தொழில் ஓடுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? மூணு வீட்டுல மூணு மாசம் செஞ்ச பின்னாடி, நல்லா செய்றீங்கம்மான்னு பாராட்டறதை வச்சு முடிவு பண்ணாதீங்க, பாராட்டு சும்மா வரும். நாலாவது மாசம் கேக்காமலே முன்பணம் வருதா, இல்ல அவங்க பெரியப்பா மகனோ சம்பந்தி வீட்டுக்காரரோ உங்க நம்பர் வாங்கிப் பேசறாங்களா, இதைப் பாருங்க. நகரத்தார் குடும்பங்க ஒரே கோவில், ஒரே ஊருன்னு ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க, நல்லதும் ஒரே வாரத்துல பரவும், கெட்டதும் ஒரே வாரத்துல பரவும். மூணு வீட்டுக்காரருமே அப்புறம் பார்க்கலாம்மான்னு இழுத்தா, வெலையைக் கொறைக்காதீங்க. அவங்களுக்கு வீட்டு மேல அக்கறை கொறைஞ்சிருக்கு, விக்கற யோசனையில இருக்கலாம், வருஷா வருஷம் குடும்பத்தோட வர்ற வேற வீட்டைத் தேடுங்க. வயசானவங்க காலத்துக்கு அப்புறம் பிள்ளைங்க சில வீட்டை வித்துடுவாங்க, சிலது ஹோட்டலா மாறும், அதனால வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு வீடு கை விட்டுப் போகும்னு கணக்குலயே வச்சுக்குங்க.

உங்களுக்கு உண்மையான சோதனை மாசி பங்குனியில வரும். மழை இல்ல, ஒழுகல் இல்ல, ரெண்டு மூணு மாசமா ஒண்ணுமே நடக்கல, வெயில் மண்டையைப் பொளக்குது, இன்னிக்குப் போகலேன்னா யாருக்குத் தெரியப் போகுது, போன மாச போட்டோவையே அனுப்பிடலாம்னு தோணும். நெறைய பேர் இந்த மாதிரி வேலையை விட்டு விழறது அந்த எடத்துலதான். அந்த நாள்லயும் போய் மீட்டரைப் பார்த்து எழுதி, கக்கூஸ்ல தண்ணி ஊத்திட்டு வர்றவங்களுக்குத்தான் இந்த வேலை. போக முடியாத நாள்ல போக முடியலன்னு எழுதுங்க, காய்ச்சல், வெள்ளிக்கிழமை போறேன்னு எழுதுங்க, அதுல ஒண்ணும் கொறைஞ்சுடாது.

அவருக்கு அனுப்ப வேண்டியதை நானே எழுதித் தர்றேன், உங்க பேச்சுக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க. "அண்ணே, வணக்கம். வீட்டை மாசம் ரெண்டு தடவை உள்ள போய் முழுசாப் பார்த்து, கூரை, கரையான், தண்ணி போற வழி, மோட்டார், மீட்டர் எல்லாம் போட்டோவோட எழுதி அனுப்பறேன். மாசம் 1,200. ஆவணியில இருந்து ஐப்பசி வரைக்கும் செஞ்சு பார்ப்போம். பொது எடத்துச் சாவி மட்டும் போதும், அறைச் சாவி வேண்டாம். பங்காளிங்க எல்லாரையும் சேர்த்து ஒரு குரூப் போட்டு நீங்களே சொல்லிடுங்க. மழைக்கு எட்டிப் பார்க்கறது எப்பவும் போலத்தான், அதுக்குக் காசு இல்ல." இதை ஆடி முடியறதுக்குள்ள அனுப்பிடுங்க, ஓடு மாத்தறவர் புரட்டாசியிலயே பிஸியாயிடுவார்.